ஒரே பெயரில் இரண்டு கோப்புகள்

பழைய மாக் கணினியில் பல வருடங்களாகத் தட்டச்சு செய்து வைத்திருந்த சிறுகதைகளை அண்மையில் லினக்ஸ் கணினிக்கு மாற்றினேன். 'தொகுப்பு' என்ற கோப்பைத் திறந்து பிழை திருத்தி, அதே பெயரைத் தட்டச்சிட்டுச் சேமித்தேன். பழையதன் மேல் எழுதப்படும் என்றுதான் நினைத்தேன். மறுநாள் பார்த்தால் 'தொகுப்பு' என்று இரண்டு கோப்புகள்! ஒரே அடைவில் ஒரே பெயர் இரண்டு முறை வரக்கூடாதே. ஒன்றை அழிக்கப் போனவன், அளவு வேறுபடுவதைக் கண்டு கையை இழுத்துக்கொண்டேன். அழிக்க இருந்தது திருத்திய பிரதி.

காரணம் நம் எழுத்திலேயே இருக்கிறது. 'தொ'வில் தகரத்தைச் சுற்றி வரும் குறியை யுனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். U+0BCA என்ற ஒரே குறியாக எழுதலாம்; அல்லது ஒற்றைக்கொம்பு U+0BC6, துணைக்கால் U+0BBE என்று பிரித்தும் எழுதலாம். 'தோ', 'தௌ' ஆகியவற்றுக்கும் இதே கதைதான். திரையில் இரண்டும் ஒன்றே.

மாக்கின் பழைய கோப்பு முறையான எச்எஃப்எஸ் பிளஸ் பெயர்களைப் பிரித்தே வட்டில் எழுதும். 2017இல் வந்த ஏபிஎஃப்எஸ் கொடுத்தபடியே வைத்துக்கொள்ளும். தேடும்போது மட்டும் இரண்டையும் ஒன்றாகக் கருதும். லினக்ஸின் வழக்கமான கோப்பு முறைகளுக்கோ பெயர் என்பது வெறும் பைட்டுகளின் வரிசை. ஒரு பைட்டு மாறினாலும் வேறு பெயர். என் விசைப்பலகை சேர்ந்த குறியைத் தந்தது. மாக்கிலிருந்து வந்ததோ பிரிந்த குறி.

கண்ணால் பிரித்தறிய முடியாததால் பைட்டுகளைப் பார்க்க வேண்டும்:

```
ls த* | xxd -g1
```

முதல் மூன்று பைட்டுகள் தகரம். அடுத்து `e0 af 8a` என்றிருந்தால் சேர்ந்தது. `e0 af 86 e0 ae be` என்றிருந்தால் பிரிந்தது. 'சிறுகதை' போன்ற பெயர்கள் ஒழுங்காகத் திறந்து, ஒகர ஓகார ஔகாரப் பெயர்கள் மட்டும் சண்டித்தனம் செய்தால் சந்தேகம் இதன் மேல்தான். ஐகாரக் குறி பிரிவதில்லை.

எல்லாப் பெயர்களையும் சேர்ந்த வடிவுக்கு மாற்ற convmv என்ற நிரல் இருக்கிறது:

```
convmv -r -f utf8 -t utf8 --nfc .
```

இப்படிக் கொடுத்தால் என்ன செய்யப் போகிறது என்று மட்டும் காட்டும். சரியென்று பட்டால் `--notest` சேர்த்து மறுபடி ஓட்டலாம். அது மாற்றுவது பெயரைத்தான். கோப்புக்குள்ளிருக்கும் எழுத்தைத் தொடாது. இரட்டையர்களை அது தீர்த்து வைக்காது. முதலில் நீங்களே இரண்டையும் திறந்து பார்த்து, ஒன்றுக்கு வேறு பெயர் இடுங்கள்.

அதைச் செய்யாமல் அந்த அடைவை மாக்குக்குத் திருப்பிக் கொண்டு போகாதீர்கள். அங்கே இரண்டும் ஒரே பெயர். ஒன்றின் மேல் மற்றது எழுதப்பட்டுவிடலாம். எஞ்சுவது திருத்திய பிரதியாகத்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது.