வாசலில் நிற்கும் ஆறடிச் சிக்கல்

ஒரு ஜவுளிக்கடை தீபாவளிக்குத் தயாராகிறது என்று வைத்துக்கொள்வோம். பட்டுப்புடவை உடுத்திய ஒரு பெண், பின்னால் மரத்தூண் போட்ட பழைய வீடு, வாசலில் கோலம். இந்தப் படத்தை எடுக்க மாடலும் இல்லை, கேமராவும் இல்லை. கணினியில் உருவாக்கிய படம். அதே காட்சி மூன்று இடங்களுக்கு வேண்டும். சாலையோரத்தில் 20 அடிக்கு 10 அடி ஹோர்டிங், கையில் கொடுக்க ஏ4 அளவில் ஒரு பிரவுச்சர், கடை வாசலில் 3 அடிக்கு 6 அடி ஸ்டாண்டீ.

இந்த மூன்றில் எதற்குப் பெரிய ஃபைல் வேண்டும் என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் ஹோர்டிங்கைத்தான் காட்டுவார்கள். உண்மையில் மூன்றிலும் குறைவாகக் கேட்பது அதுதான். கடை முதலாளியின் முகம் சுருங்குவது வாசலில் நிற்கும் ஸ்டாண்டீயைப் பார்த்துத்தான்.

காரணம் கண்ணில் இருக்கிறது. நல்ல பார்வை உள்ளவருக்கு, அடுத்தடுத்த இரண்டு புள்ளிகள் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு கோண அளவாவது விலகியிருந்தால்தான் தனித்தனியாகத் தெரியும். அதைவிட நெருங்கினால் ஒன்றாகக் கலந்துவிடும். இதை அச்சுக் கணக்காக மாற்றினால் நினைவில் வைக்க எளிய எண் ஒன்று கிடைக்கும்: 286. பார்ப்பவர் எத்தனை அடி தள்ளி நிற்பாரோ அந்த எண்ணால் 286ஐ வகுத்தால், ஓர் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் போதும் என்பது வந்துவிடும். ஓரடி தூரத்தில் பிடித்துப் படிக்கும் பிரவுச்சருக்கு 286. அச்சகத்தில் எப்போதும் கேட்கும் 300 என்ற எண் இதற்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. 25 அடி தள்ளி நின்று பார்க்கும் ஹோர்டிங்குக்கு 11 அல்லது 12 போதும்.

இனி பெருக்கிப் பார்க்கலாம். ஹோர்டிங்கின் அகலம் 240 அங்குலம், உயரம் 120. அங்குலத்துக்கு 12 வீதம் 2880க்கு 1440 பிக்சல்; சுமார் 41 லட்சம் புள்ளிகள். ஏ4 பிரவுச்சருக்குச் சுற்றிலும் வெட்டுக்காக 3 மில்லிமீட்டர் விட்டு 300 கணக்கில் போட்டால் 2551க்கு 3579 பிக்சல், 91 லட்சம். ஸ்டாண்டீயை வாடிக்கையாளர் உள்ளே நுழையும்போது மூன்றடியில் கடக்கிறார். அங்குலத்துக்கு 95 வீதம் 3420க்கு 6840. இரண்டே கால் கோடியைத் தாண்டும். யாராவது நின்று இரண்டடியில் புடவைக் கரையை உற்றுப் பார்த்தால் கணக்கு ஐந்து கோடிக்கு ஏறிவிடும்.

2015இல் ஆப்பிள் நிறுவனம் ஐபோன் 6இல் எடுத்த படங்களை உலகின் பல நகரங்களில் பிரம்மாண்ட ஹோர்டிங்குகளாக வைத்தது. அந்தப் போனின் கேமரா வெறும் 8 மெகாபிக்சல். தெருவில் நின்று பார்த்தவர்களுக்குப் படம் பளிச்சென்றுதான் இருந்தது. மேலே ஏறி மூக்கை ஒட்டிப் பார்க்க யாருக்கும் வழியில்லை.

பிளெக்ஸ் அடிக்கும் இடத்தில் “முழு சைஸ்ல 72ல ஃபைல் குடுங்க” என்று கேட்பது உண்டு. 20 அடிக்கு அப்படிக் கொடுத்தால் 17280க்கு 8640 பிக்சல். நான்கு நிறத்துக்கும் சேர்த்துச் சுருக்காத ஃபைல் 600 மெகாபைட்டைத் தொடும். தூரத்தில் நிற்கும் பலகைக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. அனுபவமுள்ள டிசைனர்கள் பத்தில் ஒரு பங்கு அளவில், அதாவது 24க்கு 12 அங்குலத்தில், 300 வைத்து வேலை செய்வார்கள். அது முழு அளவில் அங்குலத்துக்கு 30 ஆகிறது. 25 அடிக்குத் தேவையானதைப்போல இரண்டரை மடங்கு.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ஃபைலைத் திறந்ததும் 72 என்றோ 300 என்றோ தெரியும் எண் வெறும் சீட்டு. 1024 பிக்சல் அகலமுள்ள படத்தில் அந்தச் சீட்டை 300 என்று மாற்றி எழுதினால் ஒரு புள்ளிகூடக் கூடாது. அச்சில் மூன்றரை அங்குலத்துக்குச் சுருங்கும், அவ்வளவுதான். பார்க்க வேண்டியது நீள அகலப் பிக்சல் எண்ணிக்கையை மட்டுமே.

சரி, படம் உருவாக்கும் மென்பொருள் எவ்வளவு தருகிறது? ஸ்டேபிள் டிஃப்யூஷன் எக்ஸ்எல் பழகியது ஏறக்குறைய பத்து லட்சம் பிக்சலில்; சதுரமாகக் கேட்டால் 1024க்கு 1024. பலர் சதுரமாகவே எடுத்துவிட்டுப் பிறகு ஹோர்டிங்குக்காக மேலும் கீழும் வெட்டுகிறார்கள். 2:1 வடிவத்துக்கு வெட்டினால் பாதிப் படம் குப்பைக்குப் போகிறது. ஆகவே வடிவத்தை முதலிலேயே தீர்மானிக்க வேண்டும்: ஹோர்டிங்குக்கு 1408க்கு 704, பிரவுச்சருக்கு 832க்கு 1216, ஸ்டாண்டீக்கு 704க்கு 1408. மூன்றும் அதே பத்து லட்சத்தைச் சுற்றியே இருக்கின்றன. ஆசைப்பட்டு எடுத்த எடுப்பிலேயே 2816க்கு 1408 என்று கேட்டால், பழகாத அளவில் மென்பொருள் தடுமாறி ஒரே பெண்ணை இரண்டு முறை வரைந்துவிடும், அல்லது உடலை நீட்டிவிடும்.

சின்னதாக எடுத்துப் பிறகு பெரிதாக்குவதைத்தான் அப்ஸ்கேல் என்கிறார்கள். பழைய முறை, இரண்டு புள்ளிகளுக்கு நடுவே சராசரி நிறத்தை இட்டு நிரப்பும். பொய் சொல்லாது, ஆனால் மங்கலாகும். 2021இல் வந்த Real-ESRGAN போன்றவை வேறு வகை. நல்ல படங்களை வேண்டுமென்றே மங்கலாக்கி, சுருக்கி, கெடுத்துவிட்டு, கெட்டதிலிருந்து நல்லதை ஊகிக்கப் பழக்கியிருக்கிறார்கள். அதனால் அது நடுவில் இட்டு நிரப்புவது ஊகம். நான்கு மடங்கு பெரிதாக்கினால் ஒவ்வொரு பதினாறு புள்ளியிலும் பதினைந்து ஊகித்தவை.

ஹோர்டிங்கில் இந்த ஊகம் யார் கண்ணிலும் படாது. 1408ஐ நான்கு மடங்காக்கினால் 5632. 240 அங்குலத்தில் பரப்பினால் அங்குலத்துக்கு 23. தேவை 12. வேலை முடிந்தது.

பிரவுச்சரிலும் எண்ணிக்கை சரியாக வருகிறது. 832க்கு 1216, நான்கு மடங்கில் 3328க்கு 4864. வேண்டியது 2551க்கு 3579 என்பதால் பெரிதாக்கியதைச் சற்றுக் குறைத்தே வைக்கலாம். குறைக்கும்போது ஊகத்தின் கரடுமுரடும் கொஞ்சம் மறையும். ஆனால் கையில் பிடித்துப் பார்ப்பவருக்கு வேறு சில தெரியும். கன்னம் மெழுகு பூசியதுபோல் வழவழக்கும். கூந்தலில் புழு நெளிவதுபோன்ற கோடுகள் வரும். ஜரிகைக் கரையில் அன்னமும் இல்லாத, மயிலும் இல்லாத ஏதோ ஒரு பறவை நிற்கும். இதற்கெல்லாம் மருந்து, பெரிதாக்கும் முன்பே கிடைப்பது. ஆறாவது விரல், ஒரு காதில் ஜிமிக்கி மறுகாதில் தோடு போன்றவற்றைச் சின்ன அளவிலேயே திருத்திவிட வேண்டும். பெரிதாக்கினால் பிழையும் கூர்மையாகும். முகத்துக்கு மட்டும், பழைய முறையில் மங்கலாகப் பெரிதாக்கிய படத்தின்மேல் புதியதை அறுபது எழுபது சதவீத அடர்த்தியில் வைத்து, மேலே மெல்லிய மணல் போன்ற துகள் தூவினால் தோல் தோலாகத் தெரியும்.

ஸ்டாண்டீயில்தான் கணக்கு இடிக்கிறது. 704 நான்கு மடங்கில் 2816. 36 அங்குலத்துக்கு அங்குலத்துக்கு 78. வேண்டியது 95, உற்றுப் பார்த்தால் 143. இங்கே பலர் பெரிதாக்கியதையே இன்னொரு முறை பெரிதாக்குகிறார்கள். ஊகத்தின்மேல் ஊகம் ஏறி, புடவை பிளாஸ்டிக் விரிப்பாகிவிடும்.

இன்னொரு வழி, படத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் படம் உருவாக்கும் மென்பொருளிடமே கொடுத்து நுணுக்கம் சேர்க்கச் சொல்வது. இதில் Denoising strength என்ற எண்தான் கடிவாளம். 0.2 முதல் 0.3 வரை வைத்தால் நெசவும் நூலும் ஓரளவு உயிர்பெறும். 0.5க்குப் போனால் வேடிக்கை தொடங்கும். “பட்டுப்புடவை உடுத்திய பெண்” என்ற கட்டளை ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியாகப் போகிறது அல்லவா? வெறும் மடிப்பு மட்டும் இருக்கும் கட்டத்திலும் மென்பொருள் ஒரு பெண்ணைத் தேடும். புடவை மடிப்பில் குட்டி முகம் ஒன்று எட்டிப் பார்க்கும். கட்டளையை “பட்டுத்துணி, நெசவு” என்று சுருக்கிவிட்டால் இது பெரும்பாலும் அடங்கும். கட்டங்கள் சேரும் இடத்தில் கோடு விழுந்திருக்கிறதா என்று சுவர், வானம் போன்ற வெற்றிடங்களில் பார்க்க வேண்டும். பூ வேலைப்பாட்டில் அது ஒளிந்துகொள்ளும்.

இவ்வளவுக்குப் பிறகும் புடவைக் கரையை ஊகிக்க விடுவது கடைக்கு நல்லதல்ல. “இந்தப் புடவைதான் வேணும்” என்று வாசலில் ஒருவர் கைகாட்டினால், நெய்யப்படாத புடவையை எங்கிருந்து எடுப்பது? ஸ்டாண்டீக்கு நல்ல தீர்வு, உருவாக்கிய படத்தை மேல் மூன்றடியோடு நிறுத்துவது. சதுரமாக 1024இல் எடுத்தது நான்கு மடங்கில் 4096; 36 அங்குலத்துக்கு 113. மூன்றடித் தூரத்துக்குத் தாராளம். கீழ்ப்பாதியில் கடையில் இருக்கும் அசல் புடவையைக் கேமராவில் எடுத்துப் போடலாம். 4000க்கு 6000 பிக்சல் எடுக்கும் சாதாரண கேமராவே போதும். கரையின் ஒவ்வொரு இழையும் உண்மையாக இருக்கும்.

கடைப்பெயர், தொலைபேசி எண், “தீபாவளி” என்ற சொல், எதையும் படத்துக்குள் உருவாக்க விடக்கூடாது. தமிழ் எழுத்தைப் படமாக வரையச் சொன்னால் கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கலாம். கோரல்டிராவிலோ இல்லஸ்டிரேட்டரிலோ வெக்டார் எழுத்தாகப் போட்டால் எந்த அளவுக்கு இழுத்தாலும் விளிம்பு உடையாது.

அடிக்கக் கொடுக்கும் முன் ஒரு சோதனை உண்டு, செலவு ஒரு ஏ4 தாள். ஹோர்டிங் ஃபைலிலிருந்து அந்தப் பெண்ணின் கண் இருக்கும் பகுதியை, முழு அளவில் எப்படி வருமோ அதே அளவில் தாளில் அச்சிட்டுச் சுவரில் ஒட்ட வேண்டும். பக்கத்தில் நின்றால் சதுரம் சதுரமாகத் தெரியும், பயப்பட வேண்டாம். 25 அடி நடந்து திரும்பிப் பார்த்தால் கண்ணாகத் தெரிய வேண்டும். ஸ்டாண்டீத் துண்டையும் இப்படியே மூன்றடியில் பார்க்கலாம். கணினித் திரையில் நூறு மடங்கு உருப்பெருக்கிப் பார்த்துக் கவலைப்படுவதைவிட இது நம்பகமானது.

இத்தனையும் சரியாகச் செய்தவர்கள் கடைசியில் கோட்டை விடும் இடம் ஒன்று இருக்கிறது. 5632 பிக்சல் படத்தை அச்சகத்துக்கு வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால், அது சுமார் 1600 பிக்சலாகச் சுருங்கிப் போய்ச் சேரும். 240 அங்குலத்தில் அது அங்குலத்துக்கு ஏழுகூட இல்லை. போதாததற்குச் சுருக்கியதன் கட்டம் கட்டமான கறையும் சேர்ந்து அச்சாகும். அதே வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட் என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் ஃபைல் அப்படியே போகிறது. சந்தேகம் இருந்தால் அச்சகத்துக்குப் போன் போட்டு, வந்து சேர்ந்த ஃபைலின் அகலம் எத்தனை பிக்சல் என்று கேட்டுவிடலாம். 5632 என்று பதில் வந்தால் மெஷினை ஓட்டச் சொல்லலாம்.