குளிரில் கூடுதலாகக் குடிக்கும் கார்

டொராண்டோவில் ஜனவரி மாதம். வெளியே மைனஸ் 7 டிகிரி. வீட்டிலிருந்து 5 கிலோமீட்டரில் வேலை. இதே கார் 25 டிகிரி வெயிலில் கொடுத்த மைலேஜில், நகர ஓட்டத்தில் சுமார் 15 சதவீதம் குறையும் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. இப்படிக் குட்டிப் பயணமானால் 24 சதவீதம் வரை போகலாம். இன்ஜின் சூடாவதற்குள் அலுவலகம் வந்துவிடுகிறதே!

குளிர்ந்த இன்ஜினுக்குக் கூடுதல் பெட்ரோல் வேண்டும். இறுகிய ஆயிலைத் தள்ளவும் சக்தி செலவாகிறது. கியர்பாக்ஸ் ஆயில் இன்னும் மெதுவாகத்தான் சூடாகும். அங்கே எதுவும் எரிவதில்லை.

ஆயில் டப்பாவில் 5W-30 என்றிருந்தால், W குளிர்காலத்தைக் குறிக்கும். அதன் முன்னுள்ள எண் சிறியதானால் குளிரில் ஆயில் எளிதாக ஓடும். பின்னுள்ளது சூடான நிலைக்கானது. 5W-30 கேட்கும் இன்ஜினில் 10W-30 ஊற்றினால் 1 முதல் 2 சதவீதம் மைலேஜ் போகும். கையேடு 0W-30ஐயும் அனுமதித்தால் குளிர்காலத்துக்கு அதுவே என் தேர்வு. கியர் ஆயிலிலும் அப்படியே: அனுமதி இருந்தால் 80W-90ஐ விட 75W-90 நல்லது.

ஆனால் ஆயில் மாற்றி மொத்த இழப்பையும் மீட்க முடியாது. கையேட்டில் இல்லாத மெல்லிய ஆயிலை மட்டும் ஊற்றாதீர்கள். சூட்டில் தேய்மானம் கூடலாம்.