கைநாட்டுக் கணக்கு

எழுதப் படிக்கத் தெரியாதவர் வங்கியில் சேமிப்புக் கணக்கு தொடங்க நேரில் வர வேண்டும். விண்ணப்பத்தை அலுவலர் வாசித்து விளக்கிய பிறகே ரேகை வைக்கப்படுகிறது. வழக்கமாக ஆணுக்கு இடது பெருவிரல், பெண்ணுக்கு வலது. புகைப்படமும் ஒட்டப்படும். வாரிசு நியமனப் படிவத்தில் கைநாட்டு வைத்தால் 2 சாட்சிகள் கையெழுத்திட வேண்டும்.

பணம் எடுக்கும்போதுதான் கவனம் தேவை. ஒரு மூதாட்டி 2,000 ரூபாய் கேட்கிறார். வரிசையில் நிற்பவர் சீட்டில் 12,000 என்று எழுதித் தருகிறார். ரேகை அவருடையதே என்பதால் பின்னால் வழக்காடுவது கடினம். ஆகவே எண்ணாலும் எழுத்தாலும் தொகை நிரப்பி, அலுவலர் அதை உரக்கப் படித்த பின், அவர் கண்முன்னே ரேகை வைப்பதே முறை. மை அப்பியிருந்தால் கோடுகள் தெரியாது. மீண்டும் வைக்க வேண்டும்.

பார்வையற்றவர் நிலை வேறு. காசோலைப் புத்தகம், ஏடிஎம் அட்டை, லாக்கர் எதையும் பார்வையின்மையைக் காட்டி மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2008இல் அறிவுறுத்தியது. கையெழுத்திடத் தெரிந்தவரைக் கைநாட்டு வைக்கச் சொல்வதும் தவறு.

வெற்றுச் சீட்டில் யார் கேட்டாலும் ரேகை வைக்காதீர்கள்.