ஹெட்லைட்டில் மறையும் மூவாயிரம் ரூபாய்

மூன்றரை ஆண்டு ஓடிய ஒரு கார் முன்பக்கம் இடித்துக்கொண்டு பட்டறைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எஸ்டிமேட்டில் பம்பர் 4,000, ஹெட்லைட் 6,000, பானெட் 8,000, பெயின்ட் 8,000, டிங்கரிங் கூலி 4,000. வரி நீங்கலாக மொத்தம் 30,000 ரூபாய். “இன்ஷூரன்ஸ்தானே கொடுக்கிறது” என்று உரிமையாளர் கையெழுத்துப் போடுகிறார்.

முழுதும் கொடுக்காது. சாதாரண பாலிசியில் தேய்மானம் கழிக்கப்படும். பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதி விலைதான் கிடைக்கும். மூன்று முதல் நான்கு ஆண்டு ஆன வண்டியின் உலோகப் பாகத்துக்கு 25 சதவீதம் போகும். பெயின்ட் பில்லில் கால்பங்கைப் பொருள் செலவாக எடுத்துக்கொண்டு, அதில் பாதியைக் கழிப்பார்கள். கூலியில் கழிவு இல்லை. இப்படிக் கழித்தால் 22,000. சிறிய காருக்கான கட்டாயப் பிடித்தம் 1,000 போக, கம்பெனி தருவது 21,000. உரிமையாளர் கையிலிருந்து போவது 9,000.

இப்போது அந்த ஹெட்லைட்டைப் பார்ப்போம். பில்லில் கம்பெனி ஒரிஜினல் என்று 6,000 போட்டுவிட்டு, வெளிச்சந்தையில் 2,500 ரூபாய்க்குக் கிடைக்கும் விளக்கை மாட்டினால் என்ன ஆகும்? உரிமையாளர் தன் பாதியாகச் செலுத்தும் 3,000 ரூபாயே அந்த விளக்கின் முழு விலையைவிட அதிகம். ஊதிப் பெருக்கிய எஸ்டிமேட் இன்ஷூரன்ஸ் கம்பெனியை மட்டும் ஏமாற்றுவதில்லை.

வெளிச்சந்தைப் பாகம் எல்லாமே மட்டம் என்று சொல்ல முடியாது. கார் கம்பெனிக்கு விளக்கு செய்து கொடுக்கும் அதே தொழிற்சாலை, தன் சொந்தப் பெயரிலும் குறைந்த விலைக்கு விற்பதுண்டு. கார் கம்பெனிகள் உதிரிபாகங்களை வெளிச்சந்தைக்கு விடாமல் கட்டுப்படுத்தியதற்காக, 2014-இல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கம்பெனிகளுக்கு அபராதம் விதித்தது. ஆகவே வெளிப்பாகம் மாட்டுவது தவறில்லை. அதை மாட்டிவிட்டு ஒரிஜினலின் விலையை வாங்குவதுதான் மோசடி.

அதைக் கண்டுபிடிக்க மெக்கானிக் அறிவு தேவையில்லை. எஸ்டிமேட்டில் ஒவ்வொரு பாகத்துக்கும் பார்ட் நம்பர் எழுதச் சொல்ல வேண்டும். மாட்டுவதற்கு முன் பெட்டியில் ஒட்டிய லேபிளில் அதே எண்ணும் அச்சிட்ட விலையும் இருக்கிறதா என்று பார்த்து, போட்டோ எடுத்துக்கொள்ளலாம். கழற்றிய பழைய பாகத்தையும் காட்டச் சொல்லலாம். பழையதைக் காட்டத் தயங்கினால், அதை மாற்றவே இல்லையோ என்று சந்தேகிக்க இடமுண்டு.

பம்பரில் சிறு விரிசல் என்றால், ஒட்டிச் சரிசெய்ய முடியாதா என்று சர்வேயரிடமே கேட்கலாம். மாற்றுவதா, பழுதுபார்ப்பதா என்று அவர் கணிப்பதை வைத்தே கிளெய்ம் தொகை அமைகிறது. அதனால் வண்டியைப் பிரித்துக் காட்டும்போது உரிமையாளர் அருகில் இருப்பது நல்லது. சர்வே அறிக்கையின் நகலையும் கேட்டு வாங்கலாம். எந்தப் பாகத்துக்கு எவ்வளவு வெட்டப்பட்டது என்பது அதில் தெரியும்.

வெட்டு நியாயமில்லை என்று பட்டால், முதலில் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். சென்னையில் அவர் அலுவலகம் இருக்கிறது, கட்டணம் கிடையாது. பார்ட் நம்பர் எழுதிய எஸ்டிமேட்டும் லேபிள் போட்டோவும் அங்கே சாட்சியாக உதவும்.