26 இன்ச் என்றால் யாருக்குப் பொருந்தும்?

பழைய சைக்கிளை விற்பவர்கள் பெரும்பாலும் ‘26 இன்ச் சைக்கிள், 21 கியர், டயர் நல்ல நிலை’ என்று எழுதி நிறுத்திவிடுகிறார்கள். அந்த 26 சக்கரத்தின் அளவு. ஓட்டுபவருக்குப் பொருந்துமா என்பதைச் சொல்வது பிரேம் அளவுதான். ஒரே 26 இன்ச் சக்கரத்தில் சிறிய பிரேமும் வரும், பெரிய பிரேமும் வரும்.

அளப்பது எளிது. பெடல் அச்சின் நடுவிலிருந்து, சீட் கம்பி நுழையும் குழாயின் மேல்விளிம்பு வரை டேப்பை வையுங்கள். ஒரு மலைப்பாதை சைக்கிளில் அது 46 செ.மீ. வந்தால், 18 இன்ச் பிரேம். ஏறத்தாழ 5 அடி 6 அங்குலம் முதல் 5 அடி 10 அங்குலம் வரை உள்ளவருக்குச் சரியாக இருக்கும். ஆனால் ஒரே உயரமுள்ள இருவருக்குக் கால் நீளம் வேறுபடும். அதனால் மேல்கம்பிக்கு இருபுறமும் பாதம் ஊன்றி நின்று பார்க்கச் சொல்வதே நேர்மை. கம்பி உடலில் இடிக்கக் கூடாது.

கியரை, முன்னால் 3, பின்னால் 7 பல்சக்கரங்கள் என்று பிரித்து எழுதுங்கள். எது சரியாக விழவில்லை என்பதையும் சேருங்கள்.

டயரில் பின்சக்கரம்தான் முதலில் தேயும், எடை அதிகம் அங்கே விழுவதால். நடுப்பட்டை தட்டையாகிவிட்டதா, பக்கச்சுவரில் வெடிப்பு உண்டா என்று பாருங்கள். ‘முன் டயரில் பட்டன்கள் முழுசாக உள்ளன, பின் டயரின் நடுவில் பாதி தேய்ந்திருக்கிறது, வெடிப்பு இல்லை’ என்று எழுதினால், வாங்குபவர் புது டயர் விலையையும் கணக்கிட்டே பேரம் பேசுவார்.