ஒரே துணியில் இரண்டு பாவாடை சட்டை

தீபாவளிக்கு அக்காவுக்கும் தங்கைக்கும் ஒரே துணியில் பாவாடை சட்டை தைப்பதானால், செலவைக் கூட்டுவதும் குறைப்பதும் வெட்டும் முறைதான். 13 வயது அக்காவும் 8 வயது தங்கையும் 44 இன்ச் பன்னா உள்ள பருத்தித் துணியில் நாலே முக்கால் மீட்டர் வாங்கியிருப்பதாக வைத்துக்கொள்ளலாம். அது 187 இன்ச்.

வாங்கியதும் துணியை நீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தித் தேய்க்க வேண்டும். நீளத்தில் 7 இன்ச் சுருங்கினாலும் மிச்சம் 180. நனைக்காமல் வெட்டினால் இந்தச் சுருக்கம் முதல் சலவையில்தான் தெரியும். அப்போது பாவாடை கணுக்காலுக்கு மேலே ஏறியிருக்கும்.

பெரிய துண்டுகளை முதலில் வெட்டுவதே தையற்காரர் வழக்கம். அக்காவின் பாவாடை உயரம் 35. கீழ் மடிப்புக்கும் தையலுக்கும் 4 சேர்த்து 39 இன்ச்சில் இரண்டு துண்டுகள்: 78 இன்ச் போயிற்று. தங்கைக்கு உயரம் 28, தையலுக்கு 4, வளர்ந்தால் இறக்கிவிட உள்மடிப்பு 4, ஆக 36. இதிலும் இரண்டு துண்டுகள், 72 இன்ச்.

மிச்சம் பிடிக்கும் இடம் இதுதான். சுருக்கு அழகாக விழ இடுப்பைப் போல மூன்று மடங்கு சுற்றளவு போதும். தங்கையின் இடுப்பு 22, மும்மடங்கு 66. அது சரியாக ஒன்றரைப் பன்னா. எனவே இரண்டாவது துண்டை நெடுக்காகப் பாதியாக வெட்டினால், 22 இன்ச் அகலமும் 36 இன்ச் நீளமும் உள்ள துணி தனியே நிற்கும். தங்கையின் சட்டைக்கு முன்பக்கம், பின்பக்கம் இரண்டும் 15 இன்ச் சதுரத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக அதில் அடங்கும். பக்கத்தில் மீளும் 7 இன்ச் பட்டையில் இரண்டு கைகளும் வந்துவிடும். கைக்குத் துணி குறுக்காகத் திரும்புவதால், வெற்று நிறத்துக்கோ சிறு புள்ளிக்கோதான் இது பொருந்தும். ஒரு பக்கம் பார்க்கும் மயிலும் மாங்காயும் உள்ள துணியில் கையில் மட்டும் அவை படுத்துக் கிடக்கும்.

அக்காவின் சட்டைக்கு 28 இன்ச். மொத்தம் 178; கையிருப்பு 2 இன்ச். தங்கைக்கும் இரண்டு முழுப் பன்னா வைத்திருந்தால் அவள் சட்டைக்கு மேலும் 15 இன்ச் தேவைப்பட்டிருக்கும், துணி எட்டியிருக்காது.

இடுப்புப் பட்டி சட்டைக்குள் மறைவதால் பழைய வேட்டித் துணியே போதும். மெஷினில் அக்கா மூட்டும்போது, தங்கை பாவாடையின் மேல் ஓரத்தில் கால் இன்ச் இடைவெளியில் இரண்டு வரி ஓட்டுத் தையல் போட்டு நூல்களைச் சேர்த்து இழுக்கலாம். ஒரே வரியானால் சுருக்கு ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும்.

இரண்டு வருடம் கழித்து உள்மடிப்பைப் பிரிக்கும்போது, வெளுக்காத கோடு ஒன்று பளிச்சென்று தெரியும். அதன்மேல் ஒரு ரிப்பன் வைத்துத் தைத்தால் மறைந்துவிடும்.