குப்பைக்குப் போகாத புகார்

ஒரு ஜவுளிக்கடைக்காரர் வேர்ட்பிரஸில் இணையதளம் வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். காலையில் தளம் திறக்கவே திணறுகிறது. சர்வரின் லாக் கோப்பைத் திறந்து பார்த்தால் ஒரே மாதிரியான வரிகள் பக்கம் பக்கமாக ஓடுகின்றன.

```
203.0.113.45 - - [12/Mar/2025:02:14:07 +0530] "POST /wp-login.php HTTP/1.1" 200 4523
203.0.113.46 - - [12/Mar/2025:02:14:09 +0530] "POST /wp-login.php HTTP/1.1" 200 4523
203.0.113.52 - - [12/Mar/2025:02:14:12 +0530] "POST /wp-login.php HTTP/1.1" 200 4523
```

கடையும் கடைக்காரரும் கற்பனை. 203.0.113 என்று தொடங்கும் இந்த எண்களும் உதாரணம் காட்டுவதற்கென்றே ஒதுக்கி வைக்கப்பட்டவை, உலகில் யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் வேர்ட்பிரஸ் தளம் நடத்தும் எவரும் இதே வரிகளை வேறு எண்களோடு பார்த்திருப்பார்கள். வரியின் தொடக்கத்தில் இருப்பது வந்தவரின் ஐபி முகவரி. அடுத்தது நேரம். பிறகு, அவர் தட்டியது நிர்வாகி உள்ளே நுழையும் லாகின் பக்கம் என்ற குறிப்பு. அதன் பின் வரும் 200 என்ற எண்ணைப் பார்த்துப் பலர் பதறிப்போகிறார்கள். இணைய வழக்கில் 200 என்றால் ‘சரி’ என்று பொருள், ஆகவே திருடன் உள்ளே வந்துவிட்டானோ என்ற பயம். வேர்ட்பிரஸில் நிலைமை நேர்மாறு. பாஸ்வேர்டு தவறாக இருந்தால் அது அதே லாகின் படிவத்தை மறுபடி காட்டும். அப்போதுதான் 200 பதிவாகும். சரியான பாஸ்வேர்டு கொடுத்தவரை வேறு பக்கத்துக்கு அனுப்பும், லாகில் 302 விழும். எனவே இந்த வரிகளுக்கு நடுவே ஒரு 302 இருக்கிறதா என்றுதான் முதலில் தேட வேண்டும். இருந்தால் புகார் அப்புறம். பாஸ்வேர்டை மாற்றுவதும் தளத்தைச் சோதிப்பதும்தான் முதல் வேலை.

இந்தக் கடைக்காரரின் லாகில் 302 இல்லை. ஆனால் வேறொரு விஷயம் கண்ணில் படுகிறது. தட்டியது ஒரு முகவரி அல்ல, 203.0.113.40 முதல் 59 வரை இருபது முகவரிகள், மாறி மாறி. இதற்குக் காரணம் உண்டு. ஃபெயில்2பேன் என்றொரு காவல் மென்பொருளைப் பல சர்வர்களில் வைத்திருப்பார்கள். ஒரு முகவரியிலிருந்து பத்து நிமிடத்துக்குள் ஐந்து முறை தோல்வி வந்தால் அந்த முகவரியைப் பத்து நிமிடம் அடைத்துவிடுவது அதன் இயல்பான அமைப்பு. தாக்குபவனுக்கும் இந்தக் கணக்கு தெரியும். ஒவ்வொரு முகவரியிலிருந்தும் நான்கே முறை முயன்று நிறுத்திக்கொள்கிறான். இருபது முகவரி, தலா நான்கு என்றால் பத்து நிமிடத்துக்கு எண்பது முயற்சி, ஐந்து மணி நேரத்தில் 2,400. காவல் மென்பொருள் ஒரு தடவைகூட வாய் திறக்கவில்லை. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு முகவரியும் பாஸ்வேர்டை மறந்துபோன ஒரு சாதுவைப் போலத்தான் தெரியும். அதனால்தான் இங்கே புகார் ஒரு முகவரியைப் பற்றியதாக இருந்தால் போதாது, முழுத் தொகுதியைப் பற்றியதாக இருக்க வேண்டும்.

யாரிடம் புகார் சொல்வது? இதற்கு ஹூயிஸ் என்ற பழைய வசதி இருக்கிறது. சர்வரின் கட்டளைத் திரையிலும் தட்டலாம், இணையத்திலும் தேடலாம்.

```
whois 203.0.113.45
```

ஆசிய பசிபிக் பகுதியின் முகவரி என்றால் பதிலின் தலைப்பிலேயே இப்படி ஒரு வரி வரும்.

```
% Abuse contact for '203.0.113.0 - 203.0.113.255' is 'abuse@example.net'
```

தேடியது இந்த ஒரு வரியைத்தான். தொகுதியின் தொடக்கமும் முடிவும், அதைப் பற்றிப் புகார் வாங்கிக்கொள்ளும் மின்னஞ்சலும் இதிலேயே இருக்கின்றன. abuse என்ற பெயரில் ஓர் அஞ்சல்பெட்டி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது 1997-இல் எழுதப்பட்ட இணைய நெறிமுறை ஒன்றின் பரிந்துரை. அந்த வழக்கம் இன்றும் நிலைத்திருக்கிறது.

ஹூயிஸ் பதிலைப் படிப்பதில் ஒரு பொதுவான தவறு உண்டு. அதில் ஏப்னிக் என்ற பெயர் பலமுறை வருவதைப் பார்த்துவிட்டு, தாக்கியதே அவர்கள்தான் என்று அங்கே காரசாரமாக எழுதிவிடுகிறார்கள். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் இயங்கும் ஏப்னிக், இந்தியாவும் இலங்கையும் அடங்கிய வட்டாரத்துக்கு முகவரிகளைப் பிரித்துக் கொடுத்துப் பதிவேடு பராமரிக்கும் அமைப்பு. எந்த முகவரி யாரிடம் இருக்கிறது என்று சொல்வதோடு அதன் வேலை முடிந்தது. தாக்குதலை நிறுத்தும் சுவிட்ச் அதன் கையில் இல்லை. அந்த சுவிட்ச் இருப்பது தொகுதியை வாடகைக்கு விட்டிருக்கும் ஹோஸ்டிங் நிறுவனத்திடமோ இணையச் சேவை நிறுவனத்திடமோதான்.

இன்னொரு தவறு இதைவிடத் தர்மசங்கடமானது. தளத்துக்கு முன்னால் கிளவுட்ஃபிளேர் போன்ற இடைச் சேவை ஒன்றை வைத்திருந்தால், சரியாக அமைக்காத சர்வரின் லாகில் பதிவாவது அந்த இடைச் சேவையின் முகவரி. அதை வைத்துப் புகார் எழுதினால், காசு கொடுத்து அமர்த்திய காவலாளி மீதே புகார் கொடுத்த கதையாகிவிடும்.

முகவரியைப் போலியாகப் போட்டிருக்க முடியாதா என்ற கேள்வியும் வரும். சில வகைத் தாக்குதல்களில் முடியும். ஆனால் லாகின் பக்கத்தைத் தட்ட வேண்டுமானால் இரு கணினிகளும் முதலில் மாறி மாறிப் பேசி இணைப்பை உறுதி செய்தாக வேண்டும். போலி முகவரி கொடுத்தவனுக்குச் சர்வரின் பதில் போய்ச் சேராது, எனவே இணைப்பே உருவாகாது. ஆகவே லாகில் இருக்கும் முகவரி அந்த நேரத்தில் உண்மையில் பேசிய முகவரிதான் என்று நம்பி எழுதலாம். அந்த இயந்திரத்துக்குப் பின்னால் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது வேறு விஷயம்.

இப்போது கடிதம். பெரும்பாலானோர் எழுதுவது இந்த ரகம்: “உங்கள் நெட்வொர்க்கிலிருந்து என் தளத்தைத் தொடர்ந்து ஹேக் செய்கிறார்கள். உடனே நிறுத்தாவிட்டால் வழக்குப் போடுவேன்.” கோபம் நியாயமானதுதான். ஆனால் மறுமுனையில் இதைப் படிக்கும் ஊழியரால் ஒன்றும் செய்ய முடியாது. அவர் முன்னால் புகார்கள் குவிந்து கிடக்கின்றன. எந்த முகவரி, எப்போது என்று தெரியாமல் அவர் எந்த வாடிக்கையாளரைத் தேடுவார்? வழக்கு என்ற சொல்லைக் கண்டதும் கடிதத்தைச் சட்டப் பிரிவுக்குத் தள்ளிவிட்டு அடுத்ததைத் திறந்துவிடவும் வாய்ப்பிருக்கிறது.

அந்த ஊழியருக்கு வேண்டியதை மட்டும் எழுதினால் கடிதம் சின்னதாகிவிடும். ஆங்கிலத்தில் அனுப்புவது நல்லது. கடைக்காரரின் கடிதத்தைத் தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

“பொருள்: 203.0.113.0/24 தொகுதியிலிருந்து லாகின் தாக்குதல், 2025 மார்ச் 11, 20:44 UTC முதல்.

வணக்கம். உங்கள் தொகுதியின் 203.0.113.40 முதல் 203.0.113.59 வரையுள்ள முகவரிகளிலிருந்து எங்கள் இணையதளத்தின் லாகின் பக்கத்துக்கு, மார்ச் 11 இரவு 20:44 முதல் மார்ச் 12 அதிகாலை 01:44 வரை (இரண்டும் UTC) சுமார் 2,400 பாஸ்வேர்டு முயற்சிகள் வந்தன. எதுவும் வெற்றி பெறவில்லை. மாதிரி லாக் வரிகள் கீழே உள்ளன. அவற்றில் நேரம் இந்திய நேரம், +0530. உங்கள் வாடிக்கையாளரின் சர்வர் வேறொருவர் கைக்குப் போயிருக்கலாம். பார்த்து நடவடிக்கை எடுக்கக் கேட்டுக்கொள்கிறோம்.”

இதில் அதிகம் கவனிக்க வேண்டியது நேரம். லாகில் மார்ச் 12, அதிகாலை 2:14 என்று இருப்பது உலகப் பொது நேரமான UTC கணக்கில் மார்ச் 11, இரவு 8:44. மணி மட்டுமல்ல, தேதியே மாறிவிடுகிறது. நேர மண்டலத்தைக் குறிப்பிடாமல் ‘12-ஆம் தேதி 2:14’ என்று எழுதினால், வேறொரு நாட்டில் உட்கார்ந்திருக்கும் ஊழியர் ஐந்தரை மணி நேரம் தள்ளித் தேடுவார். வாடகைச் சர்வர்கள் மணிக்கணக்கில் கைமாறும் காலம் இது. அதே முகவரி அந்த நேரத்தில் வேறொருவரிடம் இருந்திருந்தால், சம்பந்தமில்லாத வாடிக்கையாளருக்கு எச்சரிக்கை போகும்.

தொகுதி ஹோஸ்டிங் நிறுவனத்துடையதாக இல்லாமல் மொபைல் நிறுவனத்துடையதாக இருந்தால் சிக்கல் இன்னும் கூடும். அங்கே ஒரே ஐபி முகவரியை ஒரே நேரத்தில் பல சந்தாதாரர்கள் பகிர்ந்துகொள்கிறார்கள். முகவரியும் நேரமும் இருந்தாலும் ஆளைப் பிரிக்க முடியாது. வந்தவரின் போர்ட் எண்ணும் வேண்டும். சர்வர்கள் அதையும் பதிவு செய்ய வேண்டும் என்று 2011-லேயே இணையப் பொறியாளர்கள் பரிந்துரைத்தார்கள். ஆனால் வெப் சர்வர்களின் வழக்கமான லாக் அமைப்பில் அது இன்னும் இல்லை. நாமே சேர்த்தால்தான் உண்டு.

கடிதத்தை அனுப்பியதும் டிக்கெட் எண்ணோடு ஒரு தானியங்கிப் பதில் வரும். அதன் பிறகு நடப்பது பலருக்குத் தெரிவதில்லை: பல நிறுவனங்கள் புகாரை அப்படியே அந்த வாடிக்கையாளருக்கு அனுப்பிவைக்கின்றன. அவர் உண்மையில் சர்வரைப் பறிகொடுத்த அப்பாவியாக இருந்தால் இது நல்லது. தன் வீட்டில் திருடன் குடியிருப்பதே அவருக்கு அந்தக் கடிதத்தால்தான் தெரியவரும். அவரே தாக்குபவராக இருந்தால், புகார் செய்தவர் யார் என்ற விவரம் நேராக அவர் கைக்குப் போகிறது. எனவே சொந்த அஞ்சலை விட்டு, புகாருக்கென்று தனி அஞ்சல் வைத்துக்கொள்வதும், லாக் வரிகளில் தளத்தின் வாடிக்கையாளர்கள் பெயரோ தகவலோ இல்லாமல் நீக்குவதும் அவசியம். வாடிக்கையாளர் யார் என்று நிறுவனம் புகார்தாரருக்குச் சொல்லாது. அது காவல்துறை, நீதிமன்றம் வழியாகக் கேட்கப்பட வேண்டிய விவரம்.

பதிலே வராவிட்டால்? அந்த நிறுவனத்துக்கு இணைப்புக் கொடுக்கும் மேல்நிலை நிறுவனத்துக்கு, பழைய டிக்கெட் எண்ணோடு எழுதலாம். அவர்கள் ஒற்றைப் புகாருக்கு அசைவது அரிது; குவிந்தால் அசைவார்கள். கலிஃபோர்னியாவின் மெக்கோலோ என்ற ஹோஸ்டிங் நிறுவனம் ஸ்பேம் கும்பல்களுக்கு இடம் கொடுத்து வந்தது. பத்திரிகையாளர் பிரையன் கிரெப்ஸ் ஆதாரங்களை அதற்கு இணைப்புத் தந்த நிறுவனங்களிடம் கொண்டுபோய்க் காட்டினார். 2008 நவம்பர் 11 அன்று அவை இணைப்பைத் துண்டிக்க, உலகமெங்கும் ஸ்பேம் மளமளவென்று சரிந்தது. சில மாதங்களில் வேறு இடங்களிலிருந்து மறுபடி ஏறிக்கொண்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அதுவரை ஜவுளிக்கடைக்காரர் கைகட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. என்ஜின்எக்ஸ் சர்வர் என்றால் ஒரே வரி போதும்.

```
deny 203.0.113.0/24;
```

256 முகவரிகளும் ஒரேயடியாக அடைபடும். ஹோஸ்டிங் நிறுவனத்தின் தொகுதி என்றால் இதில் பெரிதாக இழப்பில்லை, அங்கிருந்து யாரும் சேலை வாங்க வரப்போவதில்லை. வீடுகளுக்கு இணைப்புக் கொடுக்கும் நிறுவனத்தின் தொகுதியாக இருந்தால் தீபாவளிக்குத் துணி வாங்க வந்தவர்களும் வெளியே நிற்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில் லாகின் பக்கத்தை மட்டும் மூடிவைத்து, கடையைத் திறந்து வைப்பதே சரி. ‘நடவடிக்கை எடுத்தோம்’ என்று பதில் வந்த பிறகும் சில நாள் லாகைப் பார்க்க வேண்டும். அதே நிறுவனத்தின் இன்னொரு தொகுதியிலிருந்து அதே தாளத்தில், தலா நான்கு முறை தட்டல் தொடங்கினால், புதிய கடிதம் வேண்டாம். பழைய டிக்கெட் எண்ணிலேயே புதிய வரிகளை ஒட்டி அனுப்ப வேண்டும்.